ஒரு புள்ளி விடுபட்டால் ஆம்ப்ளிஃபயர் ஊமை

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் எந்த மாணவருக்கும் அந்த ஸ்லைடு பரிச்சயம். நடுவில் வட்டத்துக்குள் ஒரு டிரான்சிஸ்டர். இடப்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ரெசிஸ்டர், வலப்பக்கம் இன்னும் இரண்டு, ஆங்காங்கே மூன்று கெபாசிட்டர். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர். பேராசிரியர் எப்போதோ ஒரு பாடப்புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்து ஒட்டியது. கோடுகள் லேசாகச் சாய்ந்திருக்கும், எண்கள் மங்கியிருக்கும், மேலே சிவப்பு அம்புகளும் நீல எழுத்துகளும் குவிந்திருக்கும்.

அந்தக் குவியலுக்கு ஒரு காரணம் உண்டு. வகுப்பில் அவை ஒவ்வொன்றாகத்தான் திரையில் வந்தன. முதல் கிளிக்கில் பேட்டரியின் மின்னோட்டம், இரண்டாவது கிளிக்கில் அது மறைந்து சிக்னலின் பாதை, மூன்றாவதில் சமன்பாடு. பிரசன்டேஷனைப் பி.டி.எஃப். ஆக்கி மாணவர்களுக்கு அனுப்பும்போது இந்த வரிசை போய்விடுகிறது. மூன்று கிளிக்கும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகின்றன. தேர்வுக்கு முந்தைய வாரம் அதைத் திறந்து பார்ப்பவருக்கு, வகுப்பில் புரிந்த படம் புரிவதில்லை.

அதனால்தான் பல மாணவர்கள் ஸ்லைடில் உள்ள சுற்றுகளைத் தாங்களே திரும்ப வரைகிறார்கள். சுத்தமான கோடு, தெளிவான பெயர், பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு. நல்ல வேலைதான். ஆனால் பெரும்பாலோர் அதைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலம் பார்த்துப் போடுவதுபோல், கோட்டுக்குக் கோடு பார்த்து வரைகிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்லைடின் பிழைகளும் அழகான கையெழுத்தில் இடம்பெயர்ந்துவிடும்.

மேலே சொன்ன சுற்றையே எடுத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்கு இடப்பக்கம் ஒரு சந்திப்பு இருக்கிறது. மேலிருந்து R1 என்ற ரெசிஸ்டர் வருகிறது, கீழே R2 போகிறது, இடமிருந்து C1 என்ற கெபாசிட்டர் வருகிறது, வலப்பக்கம் பேஸ். நான்கு கம்பிகள் கூட்டல் குறிபோல் ஒரே இடத்தில் கூடுகின்றன. அவை இணைந்திருக்கின்றன என்பதற்கு ஒரே சாட்சி நடுவில் உள்ள கறுப்புப் புள்ளி. ஸ்கேன் மங்கினாலோ, படத்தைச் சுருக்கினாலோ முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். புள்ளி போனால் படத்தின் பொருளே மாறுகிறது. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் கடந்து போகின்றன என்றே வாசிக்க வேண்டியிருக்கும். R1-உம் R2-உம் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே சும்மா நிற்கும். பேஸுக்கு மின்னழுத்தம் கிடைக்காது. டிரான்சிஸ்டர் அணைந்தே கிடக்கும். உள்ளே அனுப்பிய சிறு சிக்னலுக்கு வெளியே பதில் வராது.

பால் ஹோரோவிட்ஸும் வின்ஃபீல்ட் ஹில்லும் எழுதி 1980-இல் முதலில் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற புத்தகத்தில், சுற்று வரைபடம் எப்படி வரைவது என்பதற்கென்றே ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. நான்கு கம்பிகளை ஒரே புள்ளியில் இணைக்காதே என்பது அதில் உள்ள விதிகளில் ஒன்று. ஒரு கம்பியைச் சற்று மேலேயோ கீழேயோ தள்ளி, இரண்டு 'T' வடிவச் சந்திப்புகளாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு கம்பி இன்னொன்றில் வந்து முடிகிறது என்றால் அது இணைப்புதான், வேறு பொருள் இல்லை. புள்ளி அழிந்தாலும் படம் பொய் சொல்லாது.

ஆனால் புள்ளி ஏற்கெனவே அழிந்துபோன ஸ்லைடிலிருந்து இதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான், பென்சிலை எடுத்துக் கோடு போடும் முன்பே ஒரு வேலை செய்ய வேண்டும்: சுற்றைப் பட்டியலாக எழுதுவது.

எந்தச் சுற்றும் அடிப்படையில் ஒரு பட்டியல்தான். எந்தப் பாகத்தின் எந்த முனை எந்தச் சந்தியோடு சேர்கிறது என்பதைச் சொன்னால் சுற்று முழுவதும் சொல்லப்பட்டுவிடும். எது மேலே, எது கீழே, கம்பி எத்தனை முறை வளைகிறது என்பதெல்லாம் பார்ப்பவரின் வசதிக்கானவை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கி 1973-இல் வெளிவந்த ஸ்பைஸ் என்ற மென்பொருள், சுற்றுகளை இந்தப் பட்டியல் வடிவில்தான் வாங்கிக்கொண்டது. நெட்லிஸ்ட் என்று அதற்குப் பெயர். இன்றும் பெரும்பாலான சிமுலேஷன் மென்பொருள்கள் உள்ளுக்குள் இதே வழக்கத்தில்தான் இயங்குகின்றன. நமது ஆம்ப்ளிஃபயரின் பட்டியல் இது:

```
* common emitter amplifier
VCC vcc 0   12
Vs  in  0   SIN(0 5m 1k)
C1  in  b   10u
R1  vcc b   47k
R2  b   0   10k
RC  vcc c   2.2k
RE  e   0   680
CE  e   0   100u
C2  c   out 10u
RL  out 0   10k
Q1  c b e   BC547B
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் பாகத்தின் பெயர், பிறகு அது தொடும் சந்திகள், கடைசியில் மதிப்பு. `0` என்பது கிரவுண்ட். `b`, `c`, `e` ஆகியவை டிரான்சிஸ்டரின் பேஸ், கலெக்டர், எமிட்டர் முனைகள் இருக்கும் சந்திகள். டிரான்சிஸ்டர் வரியில் மட்டும் மூன்று சந்திகள், அதுவும் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையில். இதைத் தாளில் பேனாவால் எழுதினால் போதும். கணினி வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலைக் கொண்டு ஒரு எளிய கணக்குப் பார்க்கலாம். சப்ளையையும் சிக்னலையும் சேர்த்து இரண்டு முனைப் பாகங்கள் பத்து. அதாவது 20 முனைகள். டிரான்சிஸ்டருக்கு 3. மொத்தம் 23. இப்போது வரைந்த படத்தில் ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை முனைகள் கூடுகின்றன என்று எண்ண வேண்டும். பேஸில் 4, கலெக்டரில் 3, எமிட்டரில் 3, சப்ளைக் கோட்டில் 3, உள்ளீட்டில் 2, வெளியீட்டில் 2, கிரவுண்டில் 6. கூட்டினால் 23. எங்காவது ஒரு பாகம் காற்றில் தொங்கினால் கூட்டுத்தொகை குறையும். பேஸ் சந்தியின் நான்கு, இரண்டும் இரண்டுமாகப் பிரிந்துவிட்டால் மொத்தம் மாறாது. ஆனால் ஏழு சந்திகள் எட்டாகிவிடும். எண்ணி முடிக்க இரண்டு நிமிடம் ஆகாது. வரைந்ததை ஸ்லைடோடு கண்ணால் ஒப்பிடுவதைவிட இது நம்பகமானது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண், இருக்க வேண்டியதை இருப்பதாகவே பார்த்துப் பழகிவிடும்.

இணைப்பு சரி. மதிப்புகள்?

ஸ்லைடில் அதிகம் தொலைவது தசமப் புள்ளி. RC என்ற கலெக்டர் ரெசிஸ்டரின் 2.2 கிலோ ஓம், புரொஜெக்டர் வெளிச்சத்தில் 22 கிலோ ஓம் ஆகிவிடும். இந்தச் சிக்கல் பழையது. அதற்கான தீர்வும் பழையதுதான். தசமப் புள்ளியின் இடத்தில் அலகின் எழுத்தையே எழுதுவது: `2k2` என்றால் 2.2 கிலோ ஓம், `4k7` என்றால் 4.7 கிலோ ஓம், `680R` என்றால் 680 ஓம். ஐ.இ.சி. 60062 என்ற சர்வதேசத் தரம் இந்த முறையைத்தான் சொல்கிறது. புள்ளி அழியலாம், `k` அழியாது. மறுபடி வரையும் படத்தில் இந்த முறையைப் பின்பற்றுவது, ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பிறகும் படம் உயிரோடிருக்க உதவும்.

ஆனால் ஸ்லைடில் இருப்பது 2.2-ஆ 22-ஆ என்றே சந்தேகம் வந்தால், சுற்றிடமே கேட்டுவிடலாம். பேஸ் மின்னழுத்தம் R1, R2 பங்கிட்டுக் கொடுப்பது. 12 வோல்ட்டில் 57-இல் 10 பங்கு, அதாவது சுமார் 2.1 வோல்ட். பேஸிலிருந்து எமிட்டருக்கு வழக்கமான 0.7 வோல்ட் இறக்கம். எமிட்டரில் 1.4 வோல்ட் நிற்கும். அதை 680 ஓமால் வகுத்தால் சுமார் 2 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய அதே மின்னோட்டம்தான் கலெக்டர் ரெசிஸ்டர் வழியாகவும் ஓட வேண்டும். அந்த ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓம் என்றால் அதில் 4.5 வோல்ட் இறங்கி, கலெக்டரில் ஏறத்தாழ 7.5 வோல்ட் இருக்கும். மேலும் கீழும் சிக்னல் ஆட இடம் இருக்கிறது, நல்ல ஆம்ப்ளிஃபயர். அதே ரெசிஸ்டர் 22 கிலோ ஓம் என்றால் அதன் குறுக்கே 45 வோல்ட் இறங்க வேண்டும். சப்ளையே 12 வோல்ட்தான். அப்படி ஒரு சுற்றை எந்தப் பேராசிரியரும் பாடத்துக்கு வைக்கமாட்டார். ஆகவே 2k2.

இந்த எண்களைக் கணக்குப் போட்டுவிட்டுத் தாளைக் கசக்கிப் போட்டுவிடக் கூடாது. அவை இன்னொரு வேலைக்கும் உதவும். ஸ்லைடுகளில் கெபாசிட்டரின் பிளஸ், மைனஸ் குறிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. 10 மைக்ரோ ஃபாரட், 100 மைக்ரோ ஃபாரட் என்றால் லேபில் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக் வகை. அவற்றைத் திருப்பி மாட்டினால் சூடாகும், சில வேளை வெடிக்கும். எந்தப் பக்கம் பிளஸ்? நிலையான மின்னழுத்தம் எங்கே அதிகமோ அந்தப் பக்கம். C1-க்கு ஒரு பக்கம் சிக்னல் மூலம், அதாவது 0 வோல்ட். மறுபக்கம் பேஸ், 2.1 வோல்ட். எனவே பிளஸ் பேஸ் பக்கம். பலரும் பழக்கதோஷத்தில் சிக்னல் வரும் பக்கம் பிளஸ் போட்டுவிடுவார்கள். C2-க்குப் பிளஸ் கலெக்டர் பக்கம், CE-க்கு எமிட்டர் பக்கம். முன்னால் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் கட்டம் இருந்து, அதன் வெளியீடு 2.1 வோல்ட்டைவிட உயரமாக இருந்தால் மட்டும் C1-இன் குறி மாறும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் வரைவது. வரைவதற்கான மரபு எளிது. சப்ளைக் கோடு மேலே, கிரவுண்ட் கீழே, சிக்னல் இடமிருந்து வலம். மின்னழுத்தம் அதிகமுள்ள சந்தி மேலேயும் குறைந்தது கீழேயும் இருந்தால், படத்தைப் பார்த்ததுமே மின்னோட்டம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். கிரவுண்டுக்குப் போகும் ஆறு முனைகளையும் கம்பியால் இணைத்து ஒரு நீண்ட கோடு போட வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரவுண்ட் குறி போட்டால் போதும். வரையும் கோடுகளில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

ரெசிஸ்டரை வளைவு நெளிவாக வரைவதா, செவ்வகமாக வரைவதா என்பதில் தகராறு வேண்டாம். நெளிகோடு அமெரிக்க வழக்கம், ஐ-ட்ரிபிள்-இ 315 என்ற 1975-ஆம் ஆண்டுத் தரத்தில் உள்ளது. செவ்வகம் ஐ.இ.சி. 60617 தரத்தின் குறி, ஐரோப்பியப் புத்தகங்களில் அதைத்தான் பார்க்கலாம். ஒரே பாடத்தின் ஸ்லைடுகளிலேயே இரண்டும் கலந்திருக்கும், வெவ்வேறு புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டியதால். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் ஒன்றுதான். தேர்வில் நெளிகோட்டுப் படம் கேட்டு, நோட்டில் செவ்வகமாகவே பார்த்துப் பழகியவர் ஒரு கணம் தடுமாறுவார் என்பதால், கல்லூரியில் எது வழக்கமோ அதையே வைத்துக்கொள்வது உத்தமம்.

வேலையின் கனமான பகுதி இனிதான் வருகிறது. ஸ்லைடில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்த மூன்று கிளிக்குகளைப் பிரிக்க வேண்டும். ஒரு ஆம்ப்ளிஃபயர் ஒரே நேரத்தில் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. பேட்டரி கொடுக்கும் நிலையான மின்னோட்டத்துக்கு அது ஒரு சுற்று. அதன் மேல் ஏறி ஆடும் சிக்னலுக்கு வேறொரு சுற்று. முதலாவதில் கெபாசிட்டர்கள் எல்லாம் அறுந்த கம்பி. இரண்டாவதில் அவை நேர்க்கம்பி, சப்ளைக் கோடுகூட கிரவுண்ட்தான். ஒரே படத்தின் மேல் சிவப்பிலும் நீலத்திலும் அம்பு போட்டு இரண்டையும் காட்ட முயன்றதுதான் ஸ்லைடின் குழப்பம்.

எனவே இரண்டு படங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, அல்லது பக்கத்தில் பக்கத்தில். முதல் படத்தில் கெபாசிட்டர்களும் அவற்றுக்கு அப்பால் உள்ளவையும் காணாமல் போய், நான்கு ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் மட்டும் நிற்கும். ஒவ்வொரு சந்தியிலும் நாம் கணக்கிட்ட மின்னழுத்தம் எழுதப்பட்டிருக்கும்: 12, 7.5, 2.1, 1.4. இரண்டாவது படத்தில் R1-இன் மேல்முனை கிரவுண்டுக்கு இறங்கி R2-க்கு இணையாக நிற்கும். RC-உம் அப்படியே RL-க்குப் பக்கத்தில் வந்துவிடும். RE-ஐ CE விழுங்கிவிடும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இரண்டு படங்களிலும் டிரான்சிஸ்டர் தாளின் அதே இடத்தில் இருக்க வேண்டும், பாகங்களின் பெயர்களும் மாறக் கூடாது. எது எங்கே போயிற்று என்று கண் தானாகக் கண்டுபிடிக்கும்படி அமைந்தால், படிப்பவர் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. RC-உம் RL-உம் இணையாகத் தெரிகின்றனவே, அவற்றின் கூட்டு மதிப்பு 1.8 கிலோ ஓம். எமிட்டருக்குள் இருக்கும் சிறு தடை, 26 மில்லி வோல்ட்டை 2.07 மில்லி ஆம்பியரால் வகுக்கக் கிடைக்கும் 12.6 ஓம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் சுமார் 143. அதுவே இந்த ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம், முன்னால் ஒரு மைனஸ் குறியோடு.

பெயரிடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்லைடு அதைப் பெரும்பாலும் கெடுத்துவிடும். பெரிய V-உம் சிறிய v-உம் வேறு வேறு. பெரிய எழுத்தும் பெரிய கீழொட்டும் கொண்ட `V_C` நிலையான மின்னழுத்தம், நமது 7.5 வோல்ட். இரண்டும் சிறியதான `v_c` அதன் மேல் ஆடும் சிக்னல் மட்டும். சிறிய எழுத்தும் பெரிய கீழொட்டும் கொண்ட `v_C` இரண்டும் சேர்ந்த மொத்தம், ஆஸிலோஸ்கோப்பின் டி.சி. இணைப்பில் தெரிவது. பேராசிரியருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் பவர்பாயிண்ட்டுக்குத் தெரியாது. எழுத்துப் பெட்டியின் முதல் எழுத்தை அது தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். சிறிய v பெரிய V ஆகிவிட்டால், ஏ.சி. படத்தில் 7.5 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று மாணவர் திகைக்கிறார். இரண்டு படங்களாகப் பிரித்துவிட்டால் எது எந்த எழுத்து என்பது தானாகவே விளங்கும்: முதல் படத்தில் எல்லாம் பெரியவை, இரண்டாவதில் எல்லாம் சிறியவை.

படத்துக்குள் பாகத்தின் பெயரும் மதிப்பும் போதும். மற்றதெல்லாம் விளக்கக் குறிப்புக்குப் போக வேண்டும்.

விளக்கக் குறிப்பு என்றதும் பலர் 'R - ரெசிஸ்டர், C - கெபாசிட்டர்' என்று எழுதிவைக்கிறார்கள். மூன்றாம் செமஸ்டர் மாணவருக்கு அது எதற்கு? குறிப்பில் இருக்க வேண்டியது அந்தப் பாகம் இந்தச் சுற்றில் ஏன் இருக்கிறது என்பதும், அதைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதும். CE-க்கு இப்படி ஒரு வரி எழுதலாம்: சிக்னலுக்கு எமிட்டரைக் கிரவுண்டாக்குகிறது, எடுத்துவிட்டால் பெருக்கம் 143-இலிருந்து 2.6-க்கு விழும், பேஸ், எமிட்டர், கலெக்டர் மின்னழுத்தங்கள் அப்படியே இருக்கும். RE-க்கு: சூடேறி மின்னோட்டம் கூடினால் எமிட்டர் மின்னழுத்தம் உயர்ந்து, கூடியதைத் தானே குறைக்கும். C2-க்கு: கலெக்டரின் 7.5 வோல்ட்டை அடுத்த கட்டத்துக்குப் போகாமல் தடுக்கும், சிக்னலை மட்டும் விடும். இப்படி எழுதிய குறிப்பு அப்படியே வைவாவுக்கும் உதவும். லேப் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளில் 'அந்தக் கெபாசிட்டரை எடுத்தால் என்ன ஆகும்' என்பதுதான் பழைய பாட்டு.

டிரான்சிஸ்டருக்கான வரியில் முனைகளின் வரிசையையும் சேர்த்துவிடுவது நல்லது. BC547-ஐத் தட்டைப் பக்கம் நம்மை நோக்கி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே தோற்றமுள்ள 2N3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று தலைகீழ். ஸ்லைடில் இது ஒருநாளும் இருக்காது. லேபில் அரை மணி நேரத்தை விழுங்குவது இதுதான்.

குறிப்பைப் படத்தின் மேல் எழுதாமல் வலப்பக்கத்தில் தனிப் பத்தியாக வைத்தால் இன்னொரு வசதி கிடைக்கிறது. அதை மடித்து மறைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். கணினியில் வரைபவர் பெயர்களை ஒரு லேயரிலும் கோடுகளை இன்னொரு லேயரிலும் வைத்தால், பெயரில்லாத படமும் ஒன்று கிடைக்கும். அதில் பெயரையும் மதிப்பையும் நிரப்பிப் பார்ப்பது, படித்த படத்தையே மறுபடி படிப்பதைவிடக் கடினம். அதனால்தான் பலனும் அதிகம்.

கணினி தேவையா என்றால், பத்துப் பதினைந்து சுற்றுகளுக்கு கிராஃப் தாளும் பென்சிலும் போதும். நண்பர்களோடு பகிர வேண்டும், அடுத்த செமஸ்டரில் திருத்த வேண்டும் என்பவர்களுக்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. லேடெக் பழகியவர்களுக்கு `circuitikz`. சுட்டியால் இழுத்து வரைய விரும்புபவர்களுக்கு கீகேட். அச்சிட்ட சர்க்யூட் போர்டு வடிவமைக்க உருவானது என்றாலும், கீகேட்டின் சுற்று வரையும் பகுதி இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. சந்திப்பில் புள்ளியை அதுவே வைக்கிறது. வரைந்து முடித்ததும் மேலே பார்த்த நெட்லிஸ்ட்டைத் தானே எழுதிக் கொடுக்கும். கையால் எழுதிய பட்டியலோடு அதை ஒப்பிட்டால் தவறு மறைய இடமில்லை. `R` என்று தேடினால் செவ்வகம் வரும், `R_US` என்று தேடினால் நெளிகோடு.

அதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் கட்டங்களின் அளவை மாற்றிவிட்டு ஒரு பாகத்தை வைத்தால், அதன் முனை கட்டப் புள்ளியில் உட்காராமல் மயிரிழை விலகி நிற்கும். கம்பி வந்து தொடுவதுபோலத்தான் தெரியும். தொட்டிருக்காது. முனையில் ஒரு சின்ன வட்டம் மறையாமல் இருந்தால் இணைப்பு இல்லை என்று பொருள். கட்டத்தின் அளவு 1.27 மில்லி மீட்டர், அதாவது 50 மில், அதை மாற்றாமல் விட்டாலே இந்தத் தொல்லை வராது. எந்த மென்பொருளாக இருந்தாலும் படத்தை ஜேபெக் ஆகச் சேமிக்காமல் பி.டி.எஃப். அல்லது எஸ்.வி.ஜி. ஆக எடுக்க வேண்டும். ஜேபெக் புகைப்படங்களுக்கானது, மெல்லிய கோடுகளின் ஓரத்தில் சாம்பல் நிற அழுக்கைப் படியவைக்கும். பெரிதாக்கினால் எழுத்து உடையும்.

பட்டியல் எழுதாமல் நேரே வரைவதன் ஆபத்து டிரான்சிஸ்டரைவிட ஆப்-ஆம்பில் அதிகம். அந்த முக்கோணத்துக்கு இரண்டு உள்ளீடுகள், ஒன்று மைனஸ், ஒன்று பிளஸ். சில ஸ்லைடுகளில் மைனஸ் மேலே இருக்கும், சிலவற்றில் பிளஸ் மேலே. கம்பி போடும் வசதிக்காக அப்படி. மாணவர் எப்போதும் மைனஸை மேலே வரைந்து பழகியவர் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் மேலே இருக்கும் ஒரு ஸ்லைடைப் பார்த்து, முக்கோணத்தைப் பழக்கப்படியும் கம்பிகளை ஸ்லைடின் இடப்படியும் வரைகிறார். படம் பார்க்க அச்சு அசல். ஆனால் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் ரெசிஸ்டர் இப்போது பிளஸ் முனையில் இணைந்திருக்கிறது. வெளியீட்டை அடக்கி வைத்த பின்னூட்டம் இப்போது அதைத் தூண்டிவிடுகிறது. பத்து மடங்கு பெருக்க வேண்டிய சுற்று, சப்ளையின் ஏதாவது ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளீடு போதிய அளவு மாறும்போது மட்டும் மறு ஓரத்துக்குத் தாவும். ஷ்மிட் டிரிகர் என்ற வேறொரு சுற்று அது, சில வாரங்கள் கழித்துத் தனிப் பாடமாகவே வரும். தேர்வுத்தாளில் இப்படி வரைந்துவிட்டுக் கீழே பெருக்கச் சமன்பாட்டைச் சரியாக எழுதியிருந்தாலும் படத்துக்கு மதிப்பெண் கிடைப்பது கடினம்.

இங்கேயும் காப்பாற்றுவது பட்டியல்தான். 'பின்னூட்ட ரெசிஸ்டர்: வெளியீடு, மைனஸ் உள்ளீடு' என்று முதலிலேயே எழுதிவைத்திருந்தால், முக்கோணம் எப்படித் திரும்பி நின்றாலும் கம்பி போய்ச் சேரும் இடம் மாறாது. விளக்கக் குறிப்பில் கால் எண்களையும் சேர்க்கலாம். 741 என்றால் 2 மைனஸ், 3 பிளஸ், 6 வெளியீடு, 7-உம் 4-உம் சப்ளை. ஸ்லைடுகள் சப்ளைக் கால்களைக் காட்டுவதே இல்லை, படம் நெரிசலாகும் என்று. அதை நம்பி லேபில் சப்ளை கொடுக்காமலே சுற்றைச் சோதிப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

எல்லா ஸ்லைடையும் இப்படி வரைய வேண்டுமா? வேண்டாம். பெட்டிகளும் அம்புகளும் மட்டுமுள்ள பிளாக் வரைபடங்களை ஸ்லைடிலேயே படித்துக்கொள்ளலாம், அவற்றில் தொலைய ஒன்றும் இல்லை. சமன்பாடு வரவழைக்கும் சுற்றுகள், தேர்வில் வரையச் சொல்லும் சுற்றுகள், லேபில் கட்டும் சுற்றுகள், இவற்றுக்குத்தான் இந்த உழைப்பு தகும். பட்டியலும் கணக்கும் நமது படத்தைச் சரிபார்க்குமே தவிர, ஸ்லைடில் எல்லாம் பொருந்தி வரும்படியான ஒரு தவறு இருந்தால் காட்டிக்கொடுக்காது. CE-இன் மதிப்பு 100-க்குப் பதில் 10 மைக்ரோ ஃபாரட் என்று அச்சாகியிருந்தால், மேலே போட்ட மின்னழுத்தக் கணக்குகளில் எதிலும் அது தெரியாது. தாழ்ந்த சுரங்களில் பெருக்கம் குறைவதில்தான் தெரியும். அந்த மாதிரி இடங்களில் செட்ரா-ஸ்மித், பாய்ல்ஸ்டாட் போன்ற பாடப்புத்தகத்தில் அதே வகைச் சுற்றைத் தேடி மதிப்பை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக அச்சு. நோட்டில் ஒட்ட வேண்டிய படத்தை ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில், பாதி அளவில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்க வேண்டும். வண்ணத்தில் பிரித்துக் காட்டியவை எல்லாம் அங்கே ஒரே சாம்பல். டி.சி. பாதைக்கு முழுக்கோடு, சிக்னல் பாதைக்கு விட்டுவிட்ட கோடு என்று மாற்றிக்கொண்டால் ஜெராக்ஸிலும் தப்பிக்கும். `2k2` படிக்க முடிகிறதா, எமிட்டரின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிகிறதா, கெபாசிட்டரின் பிளஸ் குறி கோட்டோடு ஒட்டிப் போகாமல் இருக்கிறதா என்று பார்த்து, மங்கியதைப் பெரிதாக்கிவிட்டு இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.